கணக்குப்பதிவியல் தேர்வன்று காலை, வேப்பமரத்தடியில் பேசியது

எல்லாரும் வந்தாச்சா? முப்பத்தெட்டு பேர் இருக்க வேண்டும். முப்பத்தேழு தலைதான் தெரிகிறது. சரி, மினிபஸ் இன்னும் வரவில்லை போலிருக்கிறது, வந்துவிடுவான். விடியற்காலையிலேயே கிளம்பி வந்தவர்களுக்கு இட்லி வாங்கி வைத்திருக்கிறேன். பேசிக்கொண்டே சாப்பிடலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். வெறும் வயிற்றோடு ஹாலுக்குப் போனால் பன்னிரண்டு மணிக்குக் கண் இருட்டும். போன வருடம் ஒரு பெண்ணுக்கு இருட்டியது.

முதலில் புத்தகத்தை மூடுங்கள். கடைசி பெஞ்சுக்காரரே, உங்களையும்தான். இந்த அரை மணி நேரத்தில் புதிதாக ஒரு கணக்கும் மண்டையில் ஏறாது. ஏறினாலும் நேற்று படித்த ஒன்றைத் தள்ளிவிட்டுத்தான் உட்காரும்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். இருப்புநிலைக் குறிப்பு சரியாக வரவில்லை என்றால் பயப்படாதீர்கள். இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லை என்றதும் உங்களுக்கு என்ன ஆகிறது என்று மாதிரித் தேர்வில் பார்த்தேன். முகம் வெளுக்கிறது, ரப்பரைத் தேடுகிறீர்கள், அடித்து அடித்துப் பேப்பரையே ஓட்டை போடுகிறீர்கள். சரிபார்ப்பில் ஒருத்தி இருபத்தைந்து நிமிடம் போக்கினாள். அந்தக் கணக்குக்கு மொத்தமே ஐந்து மதிப்பெண். அவள் விட்ட பிழைக்குப் போயிருக்கக்கூடியது அரையோ ஒன்றோ. தேடப் போன நேரத்தில் இரண்டு ஐந்து மார்க் கேள்விகள் கை நழுவிப் போயின. இந்த வியாபாரத்தில் லாபமா நஷ்டமா, நீங்களே சொல்லுங்கள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அதையே செய்தவள்தான். பிளஸ் டூ தேர்வில் எனக்கு 900 ரூபாய் இடித்தது. அரை மணி நேரம் தேடினேன். கடனீந்தோரைப் பார்த்தேன், சரக்கிருப்பைப் பார்த்தேன், தேய்மானத்தை மூன்று முறை போட்டேன். கிடைக்கவில்லை. ஒரு பெரிய கணக்கைத் தொடாமலே பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பொறி தட்டியது: 5,400 என்று வினாத்தாளில் இருந்ததை 4,500 என்று எடுத்து எழுதியிருக்கிறேன். கணக்கு முறையில் ஒரு தப்பும் இல்லை, இரண்டு இலக்கம் இடம் மாறியதுதான்.

அதனால்தான் இதைச் சொல்கிறேன். இடித்தால் மூன்று நிமிடம் மட்டும் தேடுங்கள். வித்தியாசத்தை ஓரத்தில் பென்சிலில் எழுதுங்கள். அதே தொகை கேள்வியில் எங்காவது இருக்கிறதா? இருந்தால் அதை எடுக்க மறந்திருப்பீர்கள். இல்லையா, அதில் பாதியைத் தேடுங்கள். 2,400 இடிக்கிறது, கேள்வியில் கொடுபட வேண்டிய கூலி 1,200 இருக்கிறது என்றால், பொறுப்பில் வர வேண்டிய கூலி சொத்துப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். அதுவும் இல்லையா, ஒன்பதால் வகுபடுகிறதா பாருங்கள். 90, 900, 540, 2,700 என்று வந்தால் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும், என்னைப் போல. மூன்றும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கீழே நான்கு வரி இடம் விட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம்.

திருத்தும் முகாமுக்கு நான் போயிருக்கிறேன். அங்கே கடைசிக் கூட்டுத்தொகையைப் பார்த்து யாரும் மார்க் போடுவதில்லை. மறுமதிப்பீட்டு கணக்குக்கு இவ்வளவு, முதல் கணக்குக்கு இவ்வளவு, ஒவ்வொரு பதிவுக்கும் இவ்வளவு என்று பிரித்துப் பிரித்துத்தான் கிடைக்கும். அதனால் வொர்க்கிங் நோட்டை மறைக்காதீர்கள். பக்கத்திலேயே தெளிவாகப் போடுங்கள். விடை தப்பானாலும் வழி சரி என்பதற்கு அதுதான் சாட்சி. ஒன்றே ஒன்று: இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும் என்பதற்காக அனாமத்து என்று நீங்களாக ஒரு வரி சேர்க்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு கெட்டிக்காரர் செய்கிறார். சிரிக்காதே தம்பி, திருப்புதல் தேர்வில் நீ செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்து, கேள்வியை வாசிக்கும் விதம். பத்து மணிக்கு வினாத்தாள் தருவார்கள். பத்து நிமிடம் படிக்கத்தான், எழுதக் கூடாது. அப்புறம் ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்புத் தாளில் உங்கள் விவரம் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட. பத்தேகாலுக்கு எழுத ஆரம்பித்தால் ஒன்றேகால் வரை. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு மார்க்குக்கு விடை தேடாதீர்கள். ஐந்து மார்க்கில் ஏழு கேள்விக்கும் ‘அல்லது’ இருக்கும். எதை எழுதப் போகிறோம் என்று அப்போதே முடிவு செய்யுங்கள். பாதி போட்டுவிட்டு மற்றதற்குத் தாவுவதுதான் பெரிய வீண்செலவு.

வாசிக்கும்போது ‘ஆக’ என்ற ஒட்டு மேல் கண் இருக்கட்டும். ஏட்டில் கட்டடம் 80,000. ‘கட்டடத்தின் மதிப்பு ரூ.90,000 ஆக உயர்த்தப்பட்டது’ என்றால் மறுமதிப்பீட்டு கணக்கில் வரவு வைப்பது 10,000. ‘ரூ.10,000 உயர்த்தப்பட்டது’ என்றாலும் அதே 10,000தான். ஆனால் அவசரத்தில் முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டு 90,000ஐ அப்படியே வரவு வைத்தவர்கள் இந்த மரத்தடியிலேயே ஒன்பது பேர் இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை.

கூட்டாண்மையில் இன்னொரு இடம். ஒப்பாவணம் இல்லை என்று கேள்வி சொன்னால் 1932ஆம் ஆண்டுச் சட்டம்தான் பேசும். இலாபம் சமமாக. முதல் மீது வட்டி கிடையாது, எடுப்புகள் மீது வட்டி கிடையாது, சம்பளம் கிடையாது. கடன் கொடுத்த கூட்டாளிக்கு மட்டும் 6 சதவீதம். ஒருவர் அதிகப் பணம் போட்டிருக்கிறாரே, பாவமாயிருக்கிறதே என்று வட்டி கொடுத்துவிடாதீர்கள். உங்கள் இரக்கத்துக்கு அங்கே மார்க் இல்லை.

சேர்ப்பு என்றால் தியாக விகிதம், பழையதிலிருந்து புதியதைக் கழிக்க வேண்டும். விலகல் என்றால் ஆதாய விகிதம், புதியதிலிருந்து பழையதை. யார் விட்டுக்கொடுக்கிறார், யாருக்குக் கிடைக்கிறது என்று ஒரு நொடி யோசித்தால் மனப்பாடமே வேண்டாம். பங்கு ஒறுப்பிழப்பில், ஏற்கெனவே வந்து சேர்ந்த முனைமத்தைத் தொடாதீர்கள். விகிதத்தில் அலகு எழுத மறக்காதீர்கள்: நடப்பு விகிதம் 2:1 என்று வரும், மொத்த இலாப விகிதத்துக்குச் சதவீதம், சரக்கிருப்பு சுழற்சிக்கு ‘முறை’. உயில்கொடை முதலினம், பழைய செய்தித்தாள் விற்றது வருவாயினம். இவ்வளவு போதும், மீதி உங்களுக்கே தெரியும்.

முழுமை பெறா பதிவேடுகள் என்றதும் சிலர் முகம் சுளிக்கிறீர்கள். உங்களில் ஒருவன் அப்பாவின் டீக்கடையில் பற்று நோட்டு எழுதுகிறான். யார் யார் எவ்வளவு பாக்கி என்று அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். லாபம் எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. அந்த நோட்டுதான் முதல் பாடம். கடைசியில் கையில் உள்ள முதல் 1,80,000. வருடத்தில் வீட்டுக்கு எடுத்தது 30,000, அதைக் கூட்டு. நடுவில் மாமா கொடுத்துப் போட்ட 20,000ஐக் கழி. 1,90,000. ஆரம்பத்தில் இருந்த 1,50,000ஐக் கழித்தால் இலாபம் 40,000. டீக்கடைக்காரர் மகனுக்கு இது வராமல் வேறு யாருக்கு வரும்?

நேரத்தைப் பற்றி என் கணக்கு இது, பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மார்க் இருபதும் கால் மணி நேரம். விடையோடு குறியீட்டையும் சேர்த்து எழுத வேண்டும், வெறும் ‘அ’ என்று மட்டும் விட்டுவிடக் கூடாது. அடுத்து நேராக ஐந்து மார்க், தலைக்குப் பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே முடிந்துவிடும். பிறகு மூன்று மார்க் ஆறு நிமிட வீதம், இரண்டு மார்க் மூன்று நிமிட வீதம். 30ஆவது கேள்வியும் 40ஆவது கேள்வியும் கட்டாயம், அந்த இரண்டையும் வினாத்தாளில் வட்டமிட ஆசையாக இருக்கும். வினாத்தாளில் எதுவும் கிறுக்காதீர்கள், மனதில் வட்டமிடுங்கள். இப்படிப் போனால் கடைசியில் கால் மணி நேரம் மிஞ்சும். அதுதான் இடித்த கணக்குக்குத் திரும்பிப் போகிற நேரம்.

கோடு போடுவதில் அழகு பார்க்க வேண்டாம். பென்சிலில் ஒற்றைக் கோடு போதும். குறிப்பேட்டில் பே.ப.எண் பத்தியைக் காலியாக விட்டாலும் பத்தி இருக்கட்டும்.

இந்த ஊரில் ஒரு காலத்தில் பேனா நிப்பு செய்தார்கள். சாத்தூர் நிப்பு என்றால் வெளியூரிலும் தெரியும். என் அப்பா வேலை பார்த்த பட்டறையில் ஒவ்வொரு நிப்பையும் வெள்ளைத்தாளில் ஒரு கீறு கீறிப் பார்த்த பிறகுதான் டப்பாவில் போடுவார்களாம். ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டு பேனா வைத்திருக்கிறீர்களே, இரண்டையும் இப்போதே உள்ளங்கையில் கீறிப் பாருங்கள். ம்… அந்தப் பேனா எழுதவில்லை பார். இந்தா, என்னுடையதை எடுத்துக்கொள். திருப்பித் தர வேண்டாம்.

மினிபஸ் வந்துவிட்டது. முப்பத்தெட்டு. நல்லது, நீயும் ஒரு இட்லியைக் கையில் எடுத்துக்கொண்டு நட. ஹால் டிக்கெட்டை எல்லாரும் ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள். செல்போன் வைத்திருப்பவர்கள் என்னிடம் கொடுங்கள், பையிலே வேண்டாம். சென்டருக்குப் பத்து நிமிட நடைதான், கூட்டமாகப் பேசிக்கொண்டு போகாமல் நிழல் பக்கமாகப் போங்கள்.

ஒன்றேகாலுக்குக் கேட் வாசலில் நிற்பேன். வெளியே வந்ததும் வினாத்தாளை நீட்டி, டீச்சர் இதற்கு ‘ஆ’ தானே என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது. வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வைக்கிறேன், உப்பு மிளகாய்ப்பொடியோடு. சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். கிளம்புங்கள்.