தாத்தாவைப் பற்றி

தொலைபேசியில்:

"பாப்பா, அப்பா பேசறேன். வார்டன் அம்மா பக்கத்துல இருக்காங்கல்ல? உக்காந்துக்கோடா. ஒரு கஷ்டமான விஷயம் சொல்லணும். நம்ம தாத்தா இன்னிக்கு விடியக்காலைல இறந்துட்டார். ... ஆமாடா, நெஜமாத்தான். ... அழு, பரவால்ல, நான் போனை வைக்கல. ... இல்லடா, வலியெல்லாம் இல்ல, தூக்கத்துலயே போயிட்டார். சித்தப்பா கிளம்பப் போறார், மத்தியானம் உன்னைக் கூட்டிட்டு வருவார். நீ வந்து பாத்தப்புறம்தான் எல்லாம்."

சித்தப்பா கையில் கொடுத்தனுப்பிய கடிதம்:

அன்புள்ள பாப்பா,

போனில் பாதி சொல்லவே முடியவில்லை. எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பரீட்சை என்று தாத்தாவிடம் சீக்கிரமே போனை வைத்துவிட்டாய். அதையே நினைத்துக்கொண்டு வராதே. வைத்ததும் அவர் என்னிடம் சொன்னது: "குரல் தெளிவா இருக்கு, நல்லா எழுதிடுவா." நேற்று ராத்திரிகூட மூக்குக்கண்ணாடியை உன் பழைய பென்சில் டப்பாவில்தான் வைத்துவிட்டுப் படுத்தார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. யாரையும் தொட விடவில்லை.

இதய நோய் இருந்தது உனக்குத் தெரியும். ஒரு மாதமாக மூச்சு வாங்கியதை உன்னிடம் சொல்லாமல் விட்டது என் முடிவு. கோபம் வந்தால் என் மேல் கோபப்படு. பாட்டி மேல் வேண்டாம்.

பாட்டி அதிகம் பேசவில்லை. நீ எப்போது வருவாய் என்று மட்டும் மூன்று முறை கேட்டாள். வழியில் ஏதாவது சாப்பிடு. பரீட்சை பற்றி டீச்சரிடம் பேசிவிட்டேன்.

வாசலிலேயே நிற்கிறேன்.

அப்பா