எட்டுப் பந்து பூல்: மன்றப் போட்டிக்கான ஆட்ட விதிகள்

நம் மனமகிழ் மன்றத்தில் வரும் ஞாயிறு காலை 10 மணிக்குத் தொடங்கும் எட்டுப் பந்து பூல் போட்டி கீழ்க்காணும் விதிகளின்படியே நடைபெறும். சென்ற ஆண்டு அரையிறுதியில் ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் அடியிலேயே வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்தது. எதிராளி அதை மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடலாமா, கோட்டுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டுமா என்பதில் இருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். இருவருமே தாம் ஆடிப் பழகிய இடத்தின் வழக்கத்தை நேர்மையாகத்தான் சொன்னார்கள். எழுதி வைத்த விதி நம்மிடம் இல்லாததே குறை. ஆகவே உலகப் பூல் பில்லியர்ட்ஸ் சங்கத்தின் விதிகளை அடிப்படையாகக் கொண்டு இதை எழுதியிருக்கிறோம். மன்றத்தின் சொந்த ஏற்பாடாக உள்ள சிலவற்றை அந்தந்த இடத்தில் அவ்வாறே குறிப்பிட்டுள்ளோம்.

மேசையும் பந்துகளும்

போட்டி நம்முடைய 8 அடி மேசையில் நடைபெறும். வெள்ளைப் பந்துடன் 1 முதல் 15 வரை எண்ணிட்ட பதினைந்து பந்துகள் ஆட்டத்தில் உள்ளன. 1 முதல் 7 வரை முழு நிறப் பந்துகள்; இவற்றைச் சாலிட் என்போம். 9 முதல் 15 வரை பட்டை போட்டவை, இவை ஸ்ட்ரைப். கறுப்பு நிறத்தில் உள்ள 8ஆம் பந்து எந்தப் பிரிவையும் சேராது. தம் பிரிவின் ஏழு பந்துகளையும் போட்டு முடித்த பின்னர், கறுப்பைத் தாம் சொன்ன பாக்கெட்டில் முறையாகப் போடுபவரே ஆட்டத்தை வெல்கிறார்.

பந்துகளை முக்கோணச் சட்டத்தில் அடுக்கும்போது, முனையில் நிற்கும் பந்து மேசைத் துணியில் உள்ள புள்ளியின் மீதும், கறுப்பு மூன்றாம் வரிசையின் நடுவிலும் இருக்க வேண்டும். கடைசி வரிசையின் இரு மூலைகளில் ஒன்றில் சாலிட்டும் மற்றொன்றில் ஸ்ட்ரைப்பும் நிற்க வேண்டும். மற்றவை எப்படியும் அமையலாம். பந்துகள் ஒன்றையொன்று தொட்டு நிற்பது மிக முக்கியம், ஏனெனில் இடையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் பந்துகள் சரியாகச் சிதறுவதில்லை. சட்டத்தை எடுத்த பிறகு இடைவெளி தெரிந்தால் மறுபடியும் அடுக்குமாறு கேட்பது ஆட்டக்காரரின் உரிமை. அதை யாரும் காலதாமதமாகக் கருதக் கூடாது.

முதல் பிரேக் யாருக்கு

இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பந்தை மேசையின் எதிர்முனை விளிம்பான குஷனில் பட்டுத் திரும்பி வருமாறு அடிக்க வேண்டும். தாம் நிற்கும் பக்கத்துக் குஷனுக்கு மிக அருகில் பந்தை நிறுத்துபவர் முதல் பிரேக்கைத் தாமே அடிக்கலாம் அல்லது எதிராளிக்குக் கொடுக்கலாம். அடுத்தடுத்த ஆட்டங்களில் பிரேக் மாறி மாறி வரும் என்பது மன்றத்தின் ஏற்பாடு. ஐந்து ஆட்டங்களில் முதலில் மூன்றை வெல்பவர் அடுத்த சுற்றுக்குச் செல்வார்.

பிரேக் அடி

வெள்ளைப் பந்தைப் பிரேக் கோட்டுக்குப் பின்னால் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். நம் மேசையில் இந்தக் கோடு வரையப்படவில்லை. பிரேக் அடிக்கும் முனையிலிருந்து எண்ணினால் நீளப் பக்கத்து மரச்சட்டங்களில் இரண்டாவதாக உள்ள வெள்ளைக் குறிகள் இரண்டையும் இணைக்கும் கற்பனைக் கோடே அது. பந்து துணியைத் தொடும் இடம் கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பந்தின் விளிம்பைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பிரேக்கில் பந்தையோ பாக்கெட்டையோ முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

பிரேக்கில் ஃபவுல் இல்லாமல் ஏதேனும் ஒரு பந்து விழுந்தால், அடித்தவரே தொடர்ந்து ஆடுவார். ஒரு பந்தும் விழாவிட்டால், குறைந்தது நான்கு வெவ்வேறு வண்ணப் பந்துகளாவது குஷனைத் தொட்டிருக்க வேண்டும். ஒரே பந்து இரண்டு குஷன்களில் பட்டாலும் அது ஒன்றாகவே கணக்கிடப்படும். நான்குக்குக் குறைந்தால் பிரேக் செல்லாது. அப்போது எதிராளி மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: மேசை இருக்கும் நிலையிலேயே ஆடலாம், பந்துகளை மறுபடி அடுக்கித் தாமே பிரேக் அடிக்கலாம், அல்லது மறுபடி அடுக்கி முதலில் அடித்தவரையே மீண்டும் அடிக்கச் சொல்லலாம். செல்லாத பிரேக் மட்டுமே நேர்ந்திருந்தால் வெள்ளைப் பந்தைக் கையில் எடுக்கும் உரிமை எதிராளிக்குக் கிடையாது. இதையும் ஃபவுலையும் ஒன்றாகக் கருதுவதே நம்மிடையே மிகுதியாகக் காணும் பிழை.

பிரேக்கில் ஃபவுலாகக் கருதப்படுபவை வேறு. வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுவது, மேசையை விட்டு வெளியே போவது, வண்ணப் பந்து எதுவும் மேசையை விட்டுத் தெறிப்பது, வெள்ளை எந்தப் பந்தையும் தொடாமல் போவது, கோட்டுக்கு முன்னால் வைத்து அடிப்பது ஆகியவை ஃபவுலாகும். இத்தகைய ஃபவுலுக்குப் பின் எதிராளி, வெள்ளை மேசையில் இருந்தால் அது நிற்கும் இடத்திலிருந்தே ஆடலாம், அல்லது அதைக் கையில் எடுத்துப் பிரேக் கோட்டுக்குப் பின்னால் வைத்து ஆடலாம். சென்ற ஆண்டு எழுந்த கேள்விக்கு இதுவே விடை: பிரேக் ஃபவுலில் வெள்ளைக்குக் கோட்டுக்குப் பின்னால் மட்டுமே இடம் உண்டு. அவ்வாறு வைத்து ஆடும்போது, கோட்டுக்குப் பின்னால் நிற்கும் பந்தை நேரடியாக அடிக்க முடியாது. வெள்ளை முதலில் கோட்டைத் தாண்டிச் சென்று திரும்பி வந்தே அதைத் தொட வேண்டும். ஃபவுலான பிரேக்கில் விழுந்த பந்துகளும் வெளியே தெறித்த பந்துகளும் மேசைக்குத் திரும்புவதில்லை. கறுப்பு மட்டும் விதிவிலக்கு.

பிரேக்கிலேயே கறுப்பு விழுந்தால் அதனால் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஃபவுல் நேராவிட்டால், அடித்தவர் கறுப்பைப் புள்ளியில் திரும்ப வைத்துத் தொடரலாம் அல்லது எல்லாவற்றையும் அடுக்கி மறுபடி பிரேக் அடிக்கலாம். கறுப்போடு வெள்ளையும் விழுந்துவிட்டால் தேர்வு எதிராளியுடையது: கறுப்பைப் புள்ளியில் வைத்து, வெள்ளையைக் கோட்டுக்குப் பின்னால் வைத்து அவர் ஆடலாம், அல்லது தாமே புதிதாகப் பிரேக் அடிக்கலாம்.

பிரிவு முடிவாவது எப்போது

பிரேக்கில் எத்தனை பந்துகள் விழுந்தாலும் அவற்றால் பிரிவு முடிவாகாது. மூன்று ஸ்ட்ரைப் விழுந்து ஒரு சாலிட்கூட விழாதிருந்தாலும் மேசை பொதுவாகவே இருக்கும்; அடுத்த அடிக்கு ஆட்டக்காரர் இரண்டில் எதை வேண்டுமானாலும் குறிவைக்கலாம். பிரேக்குக்குப் பின் ஒருவர் தாம் சொன்ன பந்தைச் சொன்ன பாக்கெட்டில் ஃபவுல் இன்றிப் போடும்போதுதான் அந்தப் பந்தின் பிரிவு அவருடையதாகவும் மற்றது எதிராளியுடையதாகவும் உறுதியாகிறது.

மேசை பொதுவாக இருக்கும் வரை, கறுப்பைத் தவிர எந்தப் பந்தையும் வெள்ளை முதலில் தொடலாம். ஸ்ட்ரைப் ஒன்றில் முதலில் பட்டு, அதன் மூலம் சொன்ன சாலிட்டைப் போட்டாலும் அது முறையான அடியே. ஆடியவருக்குச் சாலிட் கிடைக்கும். சொன்ன பந்து விழாமல் வேறொன்று தற்செயலாக விழுந்தால், விழுந்தது விழுந்ததாகவே இருக்கும், மேசை பொதுவாகவே நீடிக்கும், முறை எதிராளிக்குச் செல்லும்.

பந்தையும் பாக்கெட்டையும் சொல்வது

பிரேக்கைத் தவிர ஒவ்வொரு அடியிலும் எந்தப் பந்து, எந்தப் பாக்கெட் என்பதை அடிக்கும் முன் சொல்ல வேண்டும். நேராகத் தெரியும் அடிகளுக்கு வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. ஆனால் குஷனில் பட்டு வருவது, மற்றொரு பந்தில் மோதிப் போவது போன்றவற்றில் எதிராளிக்கு ஐயம் இருந்தால் அவர் கேட்கலாம், ஆடுபவர் பதில் சொல்ல வேண்டும். பந்து எத்தனை குஷனில் படும், எந்தப் பந்தை உரசிச் செல்லும் என்றெல்லாம் விவரிக்க வேண்டியதில்லை. சொன்ன பந்து சொன்ன பாக்கெட்டில் விழுந்தால் போதும், அது சென்ற வழி எதுவானாலும் சரி.

கறுப்புக்கு மட்டும் மன்றம் ஒரு கூடுதல் ஏற்பாட்டைச் செய்துள்ளது. அடி எவ்வளவு எளிதாகத் தோன்றினாலும், அடிக்கும் கோலான கியூவின் முனையால் பாக்கெட்டைச் சுட்டிக்காட்டி, எதிராளி தலையசைத்த பிறகே கறுப்பை அடிக்க வேண்டும். ஆட்டத்தின் முடிவே அந்த ஒரு அடியில் இருப்பதால், ஐயத்துக்கு அங்கே இடம் வைக்கக் கூடாது.

போடும் எண்ணம் இல்லாமல் எதிராளிக்குக் கடினமான நிலையை விட்டுச்செல்ல விரும்புபவர் ‘சேஃப்டி’ என்று அறிவிக்கலாம். அந்த அடியில் தம் பந்து விழுந்தாலும் முறை எதிராளிக்கே செல்லும்.

ஃபவுல்கள்

பிரேக்குக்குப் பிந்தைய எந்த ஃபவுலுக்கும் தண்டனை ஒன்றே: எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து மேசையில் எங்கு வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். ஃபவுலுக்காக எதிராளியை இரண்டு முறை அடிக்க விடும், சில இடங்களில் உள்ள ‘இரண்டு அடி’ வழக்கம் இங்கே இல்லை.

வெள்ளை பாக்கெட்டில் விழுவதும், எந்தப் பந்தும் மேசையை விட்டு வெளியேறுவதும் ஃபவுல். தம் பிரிவு முடிவான பிறகு வெள்ளை முதலில் எதிராளியின் பந்தையோ, தம் பந்துகள் மீதமிருக்கையில் கறுப்பையோ தொடுவது ஃபவுல். வெள்ளை ஒரு பந்தைத் தொட்ட பின், ஏதாவது பந்து விழ வேண்டும் அல்லது வெள்ளை உட்பட ஏதேனும் ஒரு பந்து குஷனைத் தொட வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் ஃபவுல். ஏற்கெனவே குஷனை ஒட்டி நிற்கும் பந்து, அதை விட்டு விலகித் திரும்பிவந்து தொட்டாலோ வேறு குஷனைத் தொட்டாலோதான் கணக்கில் வரும். கையாலோ சட்டையின் கையாலோ பந்தைத் தொடுவது, இரு கால்களும் தரையை விட்டு எழும்பிய நிலையில் அடிப்பது, பந்துகள் உருண்டுகொண்டிருக்கையில் அடிப்பது, முறை மாறி ஆடுவது ஆகியவையும் ஃபவுலே.

வெள்ளையைக் கியூ இருமுறை தொடுவது கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஃபவுல். வெள்ளைக்கும் குறிப் பந்துக்கும் இடையே சாக் கட்டியின் அகலத்துக்கும் குறைவான இடைவெளி இருந்தால், அடிக்கும் முன் நடுவரை அருகில் அழைக்க வேண்டும். நேராக அடித்த அந்த அடியில் வெள்ளை, குறிப் பந்தின் பின்னாலேயே உடனடியாக அரைப் பந்து தூரத்துக்கு மேல் ஓடினால், கியூ இருமுறை பட்டதாகவே நடுவர் கொள்வார். இரண்டும் தொட்டுக்கொண்டே நின்றால், அந்தப் பந்தை நோக்கி அடிப்பது தவறில்லை.

ஆட்டம் இழப்பது

தம் பந்துகள் முடியும் முன் கறுப்பைப் போடுபவரும், சொல்லாத பாக்கெட்டில் போடுபவரும், கறுப்பைப் போடும் அடியில் ஃபவுல் செய்பவரும், கறுப்பை மேசையை விட்டு வெளியே அனுப்புபவரும் ஆட்டத்தை இழப்பர். தம் கடைசிப் பந்தையும் கறுப்பையும் ஒரே அடியில் போடுவதும் இழப்பே. ஆனால் கறுப்புக்குக் குறிவைத்து, கறுப்பு விழாமல் வெள்ளை மட்டும் விழுந்தால் ஆட்டம் முடியாது. எதிராளிக்கு வெள்ளை கையில் கிடைக்கும், அவ்வளவே.

நடுவரும் நேரமும்

ஒவ்வோர் அடிக்கும் 45 விநாடி என்பதும், அழைத்து 15 நிமிடத்துக்குள் வராதவர் தோற்றவராகக் கருதப்படுவார் என்பதும் மன்றத்தின் ஏற்பாடுகள். ஃபவுல் என்று கருதுபவர், அடுத்த அடி அடிக்கப்படும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு எழுப்பும் முறையீடு ஏற்கப்படாது. இரு தரப்பும் முன்னேற்றமின்றிச் சேஃப்டி மட்டுமே ஆடிக்கொண்டிருந்தால், நடுவர் ஆளுக்கு மூன்று முறை வாய்ப்பளிப்பார். அதற்குப் பிறகும் நிலை மாறாவிட்டால் பந்துகள் மீண்டும் அடுக்கப்படும். அந்த ஆட்டத்தில் முதலில் பிரேக் அடித்தவரே மறுபடியும் அடிப்பார்.