ரத்த வகையும் பிள்ளைகளும்: பயிற்சித்தாள்

வகுப்பு 12, விலங்கியல். பல்கூட்டு அல்லீல்கள்

நான்கு ரத்த வகைகளையும் தீர்மானிப்பது ஒன்பதாவது குரோமோசோமில் உள்ள ஒரே ஜீன். அதற்கு Iᴬ, Iᴮ, i என மூன்று அல்லீல்கள். ஊர் முழுக்கத் தேடினால் மூன்றும் கிடைக்கும்; ஓர் ஆளிடம் இரண்டுதான் இருக்கும், அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. Iᴬ, Iᴮ இரண்டும் i-ஐ மறைத்துவிடும். ஆனால் அவை இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று மறைக்காது, AB ஆகத் தெரியும். 1901-ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டினார். அதன் பின்னால் மூன்று அல்லீல்கள் இருக்கின்றன என்று 1924-ல் கணக்குப் போட்டுக் காட்டிய பெர்ன்ஸ்டைன் ஒரு கணிதவியலர்.

| வகை | ஜீனாக்கம் |
|---|---|
| A | IᴬIᴬ அல்லது Iᴬi |
| B | IᴮIᴮ அல்லது Iᴮi |
| AB | IᴬIᴮ |
| O | ii |

A என்று பார்த்ததும் IᴬIᴬ என்று எழுதிவிடாதீர்கள். முதலில் குடும்பத்தில் O யாராவது உண்டா என்று தேடுங்கள். O-வின் ஜீனாக்கம் ஒன்றே ஒன்றுதான். முடிச்சு அங்கிருந்துதான் அவிழும்.

செய்து காட்டிய கணக்கு

பாம்பனில் விசைப்படகில் போகும் ஒருவருக்கு A, மனைவிக்கு B. மூத்த மகள் O. அடுத்த பிள்ளைக்கு என்னென்ன வகை வரலாம்?

மகள் ii. ஒரு i அப்பாவிடமிருந்தும் இன்னொரு i அம்மாவிடமிருந்தும் வந்தாக வேண்டும். அப்படியானால் அப்பா Iᴬi, அம்மா Iᴮi.

| | Iᴮ | i |
|---|---|---|
| Iᴬ | IᴬIᴮ (AB) | Iᴬi (A) |
| i | Iᴮi (B) | ii (O) |

நான்கு வகையும் வரலாம், ஒவ்வொன்றுக்கும் 1/4 வாய்ப்பு. நான்கு பிள்ளை பிறந்தால் வகைக்கு ஒன்று என்று இதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

கணக்குகள்

1. சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் ஒரு பெண்ணுக்கு O, கணவருக்கு AB. பிள்ளைகளில் யாருக்காவது பெற்றோரின் வகை வருமா?

2. தங்கச்சிமடத்தில் கணவன், மனைவி இருவரும் A. முதல் மூன்று பிள்ளைகளும் A, நாலாவது O. ஐந்தாவது பிள்ளை O ஆக இருக்க வாய்ப்பு எவ்வளவு? "இப்போதுதானே ஒரு O வந்தது, இனி வராது" என்கிறார் ஆச்சி. அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

3. புயல் இரவில் ஒரு மருத்துவமனையில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. கையில் கட்டிய அடையாளப் பட்டைகள் நனைந்து கழன்றுவிட்டன. குழந்தைகள்: ஒன்று O, ஒன்று B. மண்டபம் தம்பதி: A, A. தொண்டி தம்பதி: AB, O. எந்தக் குழந்தை யாருடையது?

4. கீழக்கரையில் ஒருவருக்கு B, அவருடைய அம்மாவுக்கு O. அவர் மனைவிக்கு A. மனைவியின் பெற்றோர் இருவரும் AB. பிறக்கும் பிள்ளைகளுக்கு எந்த வகைகள், என்ன விகிதத்தில்?

5. ஏர்வாடியில் அப்பா A பாசிட்டிவ், அம்மா B பாசிட்டிவ், மகன் O நெகட்டிவ். அடுத்த பிள்ளை AB பாசிட்டிவ் ஆக இருக்க வாய்ப்பு என்ன? (ஆர்எச் பாசிட்டிவ் ஓங்கு D, நெகட்டிவ் dd. இந்த ஜீன் வேறு குரோமோசோமில் இருக்கிறது.)

6. சற்றுக் கடினம். அம்மாவுக்குப் பரிசோதனையில் O, அப்பாவுக்கு B, பிள்ளைக்கு AB. பரிசோதனையில் பிழை இல்லை, பிள்ளை அவர்களுடையதுதான். எப்படி?

உங்கள் வீட்டார் ரத்த வகையை இந்தத் தாளில் எழுத வேண்டாம். அட்டையில் ஓர் எழுத்து மாறினாலும் ஒரு குடும்பத்தில் வீண் சந்தேகம் வரும். அதோடு, ரத்த வகை பொருந்துகிறது என்பதால் மட்டும் இன்னார் பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. "இருக்கலாம்" வரைதான் சொல்ல முடியும்.

விடைகள்

1. வராது. IᴬIᴮ × ii: பாதி A, பாதி B.

2. பெற்றோர் இருவரும் Iᴬi. வாய்ப்பு 1/4. முன்னால் பிறந்த பிள்ளைகளின் வகை அடுத்த பிள்ளையைக் கட்டுப்படுத்தாது என்று ஆச்சிக்குச் சொல்லலாம்.

3. மண்டபம் தம்பதியிடம் Iᴮ கிடையாது, அதனால் B அவர்களுக்குப் பிறக்காது. தொண்டித் தம்பதியில் AB ஆக உள்ளவரிடம் i இல்லை, அதனால் O அவர்களுக்குப் பிறக்காது. O மண்டபத்துக்கு, B தொண்டிக்கு.

4. கணவர் Iᴮi, ஏனென்றால் அம்மா i மட்டுமே கொடுக்க முடியும். மனைவியின் பெற்றோர் இருவரிடமும் i இல்லை, ஆகவே அவர் IᴬIᴬ. பிள்ளைகள் பாதி AB, பாதி A. B, O வரவே வராது.

5. பெற்றோர் Iᴬi Dd, Iᴮi Dd. AB வர 1/4, பாசிட்டிவ் வர 3/4. பெருக்கினால் 3/16.

6. பாம்பே ரத்த வகை. 1952-ல் மும்பையில் கண்டறியப்பட்டது. A, B அடையாளங்கள் ரத்தச் செல்லில் உருவாக முதலில் H என்ற பொருள் வேண்டும். அதற்கான ஜீனில் அம்மா hh ஆக இருந்தால் H உருவாகாது. அவரிடம் Iᴬ இருந்தும் வழக்கமான பரிசோதனை O என்றே காட்டும். அப்பா கொடுத்த H அல்லீலால் பிள்ளையிடம் Iᴬ-வும் வெளிப்பட்டுவிடுகிறது. இந்த அம்மாவுக்கு ரத்தம் தேவைப்பட்டால் சாதாரண O ஏற்றக் கூடாது, அதிலுள்ள H-ஐ அவர் உடல் எதிர்க்கும். இன்னொரு பாம்பே வகைக்காரரின் ரத்தம்தான் அவருக்கு ஆகும்.