பாயின்டர் புரிந்துவிட்டது, நன்றி அக்கா!

அக்கா, இன்று லேப்பில் லிங்க்டு லிஸ்ட்டின் நடுவிலிருந்து ஒரு நோடை நீக்கும் புரோகிராமை யாரையும் கேட்காமல் நானே எழுதி ஓடவிட்டேன், முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது.

திரும்பத் திரும்பச் சொல்லியும் எனக்குப் பிடிபடாதபோது நீங்கள் சலித்துக்கொள்ளவே இல்லை. வீட்டு முகவரி உதாரணம் எனக்கு ஒட்டவில்லை என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டு, நோட்டில் கட்டம் போட்டு, `%p` கொடுத்து `main`-இல் இருக்கும் `a`-வின் முகவரியையும் `swap`-க்குள் இருக்கும் `a`-வின் முகவரியையும் பிரிண்ட் செய்யச் சொன்னீர்களே, இரண்டும் வேறு வேறாக வந்ததைப் பார்த்தபோதுதான் ஃபங்ஷனுக்குள் போவது நகல் என்பதே உறைத்தது. அப்புறம் இந்த இரண்டு வரி:

```c
int *p = &x;
*p = 10;
```

முதல் வரியில் நட்சத்திரம் `p` ஒரு பாயின்டர் என்று அறிவிக்கிறது, இரண்டாவதில் அந்த முகவரிக்கே போய் `x`-ஐ மாற்றுகிறது. இதை இவ்வளவு பொறுமையாக வேறு யாரும் எனக்குப் பிரித்துக் காட்டியதில்லை. மனமார்ந்த நன்றி அக்கா.

அடுத்த வாரம் ஃபங்ஷன் பாயின்டர் ஆரம்பிக்கிறார்களாம். சனிக்கிழமை சாயங்காலம் வரட்டுமா? அம்மா சுட்ட முறுக்கும் எடுத்து வருகிறேன்.