காசு குடுக்க முன்னம் இதை ஒருக்கா வாசி மச்சான்

மச்சான், ஏஜென்ற்காரரைப் பிடிச்சுப் பாரிஸுக்குப் போகப்போறன் எண்டு நேற்று திருநெல்வேலிச் சந்தியில நீ சொல்லேக்க நான் ஒண்டும் கதைக்கேல்ல, கோவமெண்டு நினைச்சிடாத. உடன வாயில வந்ததைச் சொல்லிப்போட்டு பேந்து நீ என்னட்ட ஒண்டும் சொல்லாம விட்டிடுவியோ எண்ட பயத்திலதான் பேசாம இருந்தனான். ராத்திரி நித்திரையும் வரேல்ல, அதான் எழுதுறன்.

நீ ஏன் போக நினைக்கிறாய் எண்டு எனக்கு விளங்குது. 2022க்குப் பிறகு இரும்பு வித்த விலையில கேற் அடிக்க வாற ஆக்களே குறைஞ்சிட்டினம், தங்கச்சின்ர கலியாணம் வேற கிட்ட வருது, சொந்தக்காரர் எல்லாம் "நீ இன்னும் இஞ்சயோ" எண்டு கேக்கினம். பாரிஸில லாச்சப்பல்ல நிண்டு பொடியள் போடுற போட்டோவைப் பாத்தா எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கும். அதால போகாத எண்டு சொல்ல வரேல்ல. போற வழிதான் எனக்குப் பயமா இருக்கு.

அந்த ஏஜென்ற்காரர்ர வொய்ஸை நீ போட்டுக் காட்டினாய் எல்லோ, அதில மொஸ்கோவில இறங்கினோடன பாஸ்போட்டை அங்க நிக்கிற ஆள் வாங்கி வைப்பார், ரண்டு மூண்டு பேப்பரில சைன் வைக்கவேணும், அது சும்மா போர்மாலிற்றி எண்டு சொல்லுறார். எனக்கு நெஞ்சு திக்கெண்டது அந்த இடத்திலதான். ரஷ்யன்ல எழுதின பேப்பர்ல நீ எதுக்குச் சைன் வைக்கிறாய் எண்டு ஆரட்டக் கேப்பாய்? 2024ல எங்கட யாழ்ப்பாணத்துப் பொடியளையே ஐரோப்பாவுக்கு அனுப்புறம் எண்டு கூட்டிக்கொண்டு போய் ரஷ்யன் ஆமியில விட்டிட்டாங்கள் எண்டு தாய்மார் அழுதழுது சொன்னது நியூஸிலயும் வந்தது. உனக்கும் அப்பிடித்தான் நடக்கும் எண்டு சொல்லேல்ல, ஆனா பாஸ்போட் உன்ர கையில இல்லையெண்டா உனக்குப் பிடிக்காட்டித் திரும்பி வரக்கூட ஏலாது மச்சான்.

அடுத்தது பெலாரஸால போலந்துக்கு "கொஞ்சம் நடை" எண்டார். அந்தக் கொஞ்ச நடையில அஞ்சரை மீற்றர் உயர இரும்பு வேலி நிக்குது, 2022ல கட்டினவங்கள், கிட்டத்தட்ட 186 கிலோமீற்றர் நீளம். குளிருக்க காட்டுக்குள்ள நிண்டு செத்த சனம் இருக்கு. 2025 மார்ச்சில அந்த எல்லையால வாற ஆக்கள் அகதி கேக்கிறதையும் போலந்து நிப்பாட்டினது. இதெல்லாம் அவர் உனக்குச் சொன்னவரோ?

காசு விசயம். நாப்பது லட்சத்தில பாதி திங்கக்கிழமை குடுக்கவேணும் எண்டாய். மஞ்சள் கவருக்க அம்மான்ர காணி உறுதியை மடிச்சு பைக் சீற்றுக்குக் கீழ வைச்சிருந்தாய், அதைக் கண்டோடனதான் எனக்கு விசயம் உண்மையிலயே உறைச்சது. அது ஈட்டில போய் நீ அங்க நடுவழியில நிண்டா வட்டி இஞ்ச நிக்காம ஏறும், அம்மாவும் தங்கச்சியும்தான் ஈட்டுக்காரருக்குப் பதில் சொல்லவேணும்.

ஒரு சின்ன உதவி கேக்கிறன். திங்கக்கிழமை எண்டதை ஒரு ரண்டு கிழமை தள்ளு. உண்மையான ஆள் எண்டா ரண்டு கிழமை பொறுப்பார், இப்பவே தா எண்டு நெருக்கினா அதிலயே பாதி விளங்கும். அதுக்குள்ள, நீ விரும்பினா மட்டும், ரண்டு பேரும் சேர்ந்து இன்னொரு வழியும் பாப்பம். உனக்கு வெல்டிங் கைவந்த தொழில், இல்லாதது பேப்பர் மட்டும்தான். படிக்கப் போகாமலே செய்து காட்டி என்விகியூ எண்ட தொழில் சேட்டிபிக்கற் எடுக்கலாம், அரசாங்கத்தின்ர நைற்றாவில அனுபவத்தைப் பாத்துக் குடுக்கிற முறை இருக்கு. அந்தப் பேப்பரோட வேலை விசாவில வெளிக்கிட்டா காடு வேலி ஒண்டும் தாண்டத் தேவையில்லை. ஏஜென்சி லைசன்ஸ் உள்ளதோ எண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989க்கு அடிச்சுக் கேக்கலாம். உடன சரிவரும் எண்டு நான் சொல்லமாட்டன், மாசக்கணக்கில இழுக்கும், பாரிஸும் கிடைக்காது, வேற நாடாத்தான் இருக்கும்.

எல்லாம் யோசிச்சுப் பேந்தும் நீ போறன் எண்டா அது உன்ர முடிவு, நான் உன்னோட கோவிக்கமாட்டன். அப்ப மட்டும் பாஸ்போட் கொப்பி, அந்தாள்ர நம்பர், தங்கிற இடம் எல்லாத்தையும் எனக்கு அனுப்பிப்போட்டுப் போ, உன்ர போன் வேலை செய்யாட்டி நான் ஆரைப் பிடிக்கிறது எண்டாவது தெரியவேணும்.

அம்மாட்ட நான் ஒண்டும் சொல்லேல்ல, சொல்லவும் மாட்டன், அது நீ சொல்லவேண்டியது. ஞாயிறு பின்னேரம் பட்டறைப் பக்கம் வாறன், அஞ்சு மணிக்கு நிப்பியோ?