எழுத்துக் கோப்பு: 6, 7, 8 வகுப்புகளுக்கான வழிகாட்டுதல்

நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் 28 பேர், ஏழில் 31 பேர், எட்டில் 26 பேர் படிக்கிறார்கள். இந்த 85 பிள்ளைகளுக்கும் இந்த ஆண்டு முதல் தமிழில் ஓர் எழுத்துக் கோப்பு இருக்கும். இதை மூன்று வகுப்புத் தமிழாசிரியர்களும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு. மற்ற பாட ஆசிரியர்களும் ஒருமுறை படித்துவிடுங்கள். அறிவியல் வகுப்பில் எழுதிய ஒரு நல்ல பக்கத்தையும் பிள்ளை இதில் சேர்க்கலாம்.

கட்டுரை நோட்டு வேறு, இது வேறு. கட்டுரை நோட்டில் எல்லாமே இருக்கும்: எழுதச் சொன்னது, எழுதியது, சிவப்பு மையில் திருத்தியது. கோப்பில் பிள்ளை தானே தேர்ந்தெடுத்த சில பக்கங்கள் மட்டும் இருக்கும். ஏன் அதை எடுத்தேன், எழுதும்போது என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளை எழுதிய குறிப்பும் கூடவே இருக்கும். ஜூனில் எழுதியதையும் மார்ச்சில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே வளர்ந்திருக்கிறோம் என்று பிள்ளைக்கே தெரிய வேண்டும். கோப்பின் வேலை அதுதான்.

டேக் கோத்த சாதாரண அட்டை ஃபைல் போதும். மேலட்டையில் பெயரும் வகுப்பும் இருந்தால் சரி. பூ ஒட்டுவது, ஸ்கெட்ச் பேனாவில் கரை போடுவது எல்லாம் பிள்ளையின் விருப்பம், அதற்கு மதிப்பெண் கிடையாது. இதைப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அக்காவோ அம்மாவோ இரவெல்லாம் உட்கார்ந்து அலங்கரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

என்ன எழுத வைப்பது

ஒரு பருவத்தில் எட்டுப் பக்கமாவது எழுத வாய்ப்புக் கொடுத்தால்தான் தேர்ந்தெடுப்பதற்குப் பொருள் உண்டு. மூன்றே எழுதிவிட்டு மூன்றையும் கோப்பில் வைப்பது தேர்வு ஆகாது. கடிதம், உரையாடல், கதை, நிகழ்வு விவரிப்பு, பேட்டி, விண்ணப்பம் என வகை மாறி மாறி வரட்டும். தலைப்பு பிள்ளை கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். முதல் பருவத்தில் ஆடிப்பெருக்கும் குறுவையும் இருக்கின்றன. இரண்டாம் பருவத்தில் மழையும் சம்பாவும். மூன்றாம் பருவத்தில் அறுப்பு, பொங்கல், கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக்கிடப்பது. நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நெல்லில் ஈரப்பதம் பார்ப்பது எப்படி என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். அதை எழுதச் சொல்லாமல் 'நான் பிரதமரானால்' என்று கேட்டால் கைடில் இருப்பதுதான் திரும்பி வரும்.

வயல்வேலைக்குப் போகாத வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. கடை, பட்டறை, பேருந்து நிறுத்தம், பாட்டியின் முறுக்குச் சட்டி, எதுவானாலும் சரி. வேலைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை இருந்தால் சொந்த ஊரைப் பற்றித் தமிழில் எழுதட்டும். நடுவில் சொல் கிடைக்காத இடத்தில் தன் மொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்கலாம், பிழை இல்லை.

தேர்வு

ஒவ்வொரு பருவ முடிவிலும் பிள்ளை மூன்று எடுக்க வேண்டும். தனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. அதிகமாக மாற்றி எழுதியது ஒன்று, இதற்கு முதல் வரைவும் கூடவே இருக்க வேண்டும். மூன்றாவது, எழுதச் சிரமப்பட்டது. அது சரியாக வராவிட்டாலும் கோப்பில் இருக்கலாம்.

எடுப்பவர் பிள்ளைதான், நாம் இல்லை. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், காரணமும் உண்டு. முன்பு ஒருமுறை நான் ஒவ்வொருவருக்கும் 'இதை வை, அதை எடு' என்று சொல்லி அடுக்கவைத்தேன். பார்வைக்கு எல்லாமே அழகாக இருந்தன. ஆனால் ஒரு பையனிடம் 'இதை ஏன் வைத்தாய்?' என்று கேட்டபோது, 'நீங்கதானே சார் வைக்கச் சொன்னீங்க' என்றான். அவன் சொன்னது சரிதான். நாம் கேள்வி கேட்கலாம், இரண்டு பக்கத்தை எதிரெதிரே வைத்து 'இதில் எதை உன் தம்பிக்குப் படித்துக் காட்டுவாய்?' என்று கேட்கலாம். முடிவு அவர்களுடையது.

முதல் வரைவைப் பிள்ளைகள் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அடித்தல் திருத்தலோடு இருப்பதைக் காட்ட வெட்கம். அதனால் பருவத் தொடக்கத்திலேயே, அடித்து எழுதிய தாளுக்குத்தான் இங்கே மதிப்பு அதிகம் என்று சொல்லுங்கள். பழைய வரைவைத் தெளிவாகப் பிரதி எடுத்து வைக்கவும் விடக்கூடாது. எங்கே அடித்தார்கள், எந்த வரியை மேலே தூக்கினார்கள் என்பதுதான் நமக்கு வேண்டும்.

பிள்ளையின் குறிப்பு

இதுதான் கடினமான பகுதி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'இந்தக் கட்டுரையைப் பற்றி உன் கருத்தை எழுது' என்றால் எல்லோரும் ஒரே வரி எழுதுவார்கள்: 'இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் நன்றாக எழுதியிருக்கிறேன்.' அது பிள்ளைகளின் குறை அல்ல, நம் கேள்வி அப்படி. கேள்வி சின்னதாகவும் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தொடுவதாகவும் இருக்க வேண்டும். எந்த வரியை அடித்தாய், ஏன்? எந்த இடத்தில் பேனா நின்றுபோனது? யாரிடம் படித்துக் காட்டினாய், அவர் என்ன சொன்னார்? மறுபடி எழுதினால் எதை மாற்றுவாய்? இவற்றில் ஏதாவது இரண்டுக்குப் பதில் எழுதினால் போதும். ஆறாம் வகுப்புக்கு நான்கு வரி, எட்டாம் வகுப்புக்கு முக்கால் பக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாய்க்காலில் தண்ணீர் வந்ததைப் பற்றி எழுதினாள். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் நம் கடைமடைக்கு வந்துசேரப் பல நாள் ஆகும் அல்லவா, அந்தக் காத்திருப்பைப் பற்றி. முதல் வரைவு இப்படி இருந்தது:

'எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. விவசாயிகள் மகிழ்ச்சி அடைந்தனர். தண்ணீர் இன்றி உலகம் இல்லை. நாம் தண்ணீரைச் சேமிக்க வேண்டும்.'

இரண்டாவது வரைவு:

'தண்ணீருக்கு முன்னாடி சருகு வந்தது. அப்புறம் நுரை. அதற்குப் பின்னால் ஒரு ஒற்றைச் செருப்பு. தாத்தா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு மதகுப் பக்கம் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.'

அவளுடைய குறிப்பு: 'முதலில் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இது நம்ம வாய்க்கால் மாதிரி தெரியலையே என்று சொன்னார்கள். அதனால் மறுபடி நினைத்துப் பார்த்து எழுதினேன். சேமிக்க வேண்டும் என்பதை எடுத்துவிட்டேன். செருப்பை எழுதலாமா என்று யோசித்தேன், உண்மையாக வந்ததால் எழுதினேன்.'

இந்தக் குறிப்பில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. நான் தொடவில்லை. குறிப்பில் பிழை திருத்தக்கூடாது என்பது நம் மூவருக்கும் பொது விதியாக இருக்கட்டும். திருத்தினால் அடுத்த முறை தெரிந்த சொல்லை மட்டும் வைத்துப் பத்திரமாக எழுதுவார்கள்.

எழுதத் தடுமாறும் பிள்ளையிடம் முதலில் வாயால் கேளுங்கள். சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், கீழே 'சொல்லக் கேட்டு எழுதியது' என்று போடுங்கள். மூன்றாம் பருவத்துக்குள் அவர்களே எழுதும்படி பார்த்துக்கொள்வோம்.

சில பிள்ளைகள் வீட்டுச் சண்டையை, கடனை, அப்பாவின் குடியை எழுதிவிடுவார்கள். அந்தப் பக்கத்தை மற்றவர்கள் பார்க்க வேண்டாம் என்றால் மடித்துப் பின் போட்டு வைக்கலாம். அதை வகுப்பில் படிக்கவோ பெற்றோர் கூட்டத்தில் காட்டவோ கூடாது. அடி, துன்புறுத்தல் என்று தெரிந்தால் மட்டும் நமக்குள் வைத்துக்கொள்ள முடியாது. அன்றே தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் 1098-ஐ அழைக்க வேண்டும். இந்த ஒன்றை நாம் மறைக்க மாட்டோம் என்பதைப் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண்

வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணில், (அ) பகுதிச் செயல்பாடுகளில் ஒன்றாக இந்தக் கோப்பை 10-க்கு மதிப்பிடுகிறோம். தொகுத்தறித் தேர்வின் 60-க்கும் இதற்கும் தொடர்பில்லை.

திருத்தி எழுதியதற்கு 3. குறிப்புக்கு 3. தேர்வுக்கு 2. மொழிக்கு 2. மொழிக்கு இவ்வளவு குறைவா என்று கேட்பீர்கள். எழுத்துப்பிழைக்கு வாராந்தரத் தேர்வில் ஏற்கெனவே குறைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். இங்கேயும் குறைத்தால் கையெழுத்து நன்றாக இருக்கும் அதே ஐந்து பேர்தான் மேலே வருவார்கள்.

திருத்தத்தில் 3 வாங்க வேண்டுமானால் இரண்டு வரைவுக்கும் நடுவில் விஷயமே மாறியிருக்க வேண்டும்: புதிதாக ஒன்று சேர்ந்திருக்க வேண்டும், தேவையில்லாதது போயிருக்க வேண்டும், அல்லது வரிசை மாறியிருக்க வேண்டும். ஒற்றும் ல, ள, ழ-வும் மட்டும் சரிசெய்திருந்தால் 1. மேலே சொன்ன மாணவிக்கு 3. குறிப்பில், தன் எழுத்தில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டிக் காரணமும் சொன்னால் 3, இடம் மட்டும் சொன்னால் 2, 'பிடித்திருந்தது' என்று மட்டும் இருந்தால் 1. தேர்வில், மூன்றும் மூன்று காரணத்துக்காக எடுக்கப்பட்டிருந்தால் 2. மொழியில், அந்தப் பருவத்துக்கு நாம் சொல்லிவைத்த இரண்டு பிழை வகையை மட்டும் பாருங்கள். முதல் பருவத்துக்கு ண, ந, ன வேறுபாடும் வாக்கியத்தை முடிப்பதும். பாத்திரங்கள் பேசும் இடத்தில் வரும் பேச்சு வழக்கு பிழை அல்ல. 'வாங்கடா, தண்ணி வந்துடுச்சு' என்று ஓடிவரும் பையனை 'வாருங்கள், தண்ணீர் வந்துவிட்டது' என்று சொல்லவைக்காதீர்கள்.

வரைவுத் தாளில் எண் போட வேண்டாம். எண்ணைப் பார்த்ததும் பிள்ளை திருத்துவதை நிறுத்திவிடும். பருவக் கடைசியில் தனிச்சீட்டில் மதிப்பெண்ணும் இரண்டு வரியும் எழுதுங்கள். 'நன்று', 'இன்னும் முயற்சி செய்' இரண்டும் வேண்டாம். 'தாத்தா ஓடிய வரி எனக்கு நினைவிலேயே இருக்கிறது. அவர் மதகுக்குப் போய் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை' என்பது போல எழுதினால் அடுத்த பக்கம் தானாக வரும்.

ஒரு கோப்புக்கு ஆறு நிமிடம் என்றாலும் 31 கோப்புக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒரே நாளில் உட்கார்ந்தால் கடைசிப் பத்துப் பேருக்கு அநியாயம் நடக்கும். கடைசி இரண்டு வாரத்தில் நாளுக்கு ஐந்து என்று பாருங்கள். அதற்கு முன் வகுப்புக்கு இரண்டாக ஆறு கோப்புகளை எடுத்து மூவரும் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிடுவோம். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேசித் தீர்த்துக்கொண்டு அப்புறம் மற்றவற்றைத் தொடலாம்.

பாதுகாப்பு

கோப்புகள் வகுப்பறை பீரோவின் மேல் இரண்டு தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா அடித்தபோது கீழ்த்தட்டு நோட்டுகள் எல்லாம் கூழாகிப் போனதை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் மூவரும் ஒருமுறை சரிபார்த்துவிடுவோம்.

ஏப்ரலில், சேர்ந்த ஒன்பதிலிருந்து நான்கை மட்டும் பிள்ளை தன்னோடு அடுத்த வகுப்புக்குக் கொண்டுபோகும். மீதியை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். எட்டாம் வகுப்பு முடிப்பவர்களிடம் மூன்று ஆண்டுக் கோப்பையும் மாற்றுச் சான்றிதழோடு சேர்த்துக் கையில் கொடுக்க வேண்டும்.