கூரையில் விழும் மழை: 6ஆம் வகுப்புப் பாடத்திட்டம்

வகுப்பு: 6, தமிழ் வழி, கொழிஞ்சாம்பாறைப் பகுதி. 32 மாணவர்கள்.
நேரம்: ஜூன் மாதம், தொடர்ந்து இரண்டு பீரியடு (80 நிமிடம்).
நோக்கம்: ஒரு கூரையில் இருந்து எத்தனை லிட்டர் கிடைக்கும் என்று மாணவர்கள் தாங்களே கணக்கிடுவார்கள்.

தொடக்கம் (10 நிமிடம்)
கேட்க வேண்டியது: "சித்திரையில் உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?" கிணறு, போர்வெல், லாரி என்று பதில் வரும். கேரளம் என்றாலே மழை என்பார்கள். ஆனால் நம் சித்தூர் கிழக்குப் பகுதி மழை குறைந்த பக்கம். இது பிள்ளைகள் அனுபவித்த விஷயம், அவர்களையே பேச விடவும். திருச்சூர் மாவட்டத்தில் 2008இல் தொடங்கிய 'மழைப்பொலிமா' திட்டம், கூரை மழையைத் திறந்த கிணற்றுக்குள் விட்டு ஊற்றைப் பெருக்கியது என்பதையும் சொல்லலாம்.

மாதிரி (35 நிமிடம், 8 பேர் கொண்ட 4 குழு)
தேவை: அட்டை, பிளாஸ்டிக் தாள், பப்பாளித் தண்டு, 2 லிட்டர் பாட்டில், பூவாளி, அளவு ஜாடி, கூழாங்கல், கரி, மணல், துணி.

மேலிருந்து பார்த்தால் 40 செ.மீ. × 25 செ.மீ. இருக்கும்படி, ஒரு பக்கம் சரிந்த கூரை செய்ய வேண்டும். நீளவாக்கில் பிளந்த பப்பாளித் தண்டுதான் தாழ்வாரக் குழாய். பூவாளியில் சரியாக 1 லிட்டர் எடுத்துக் கூரை மேல் தெளித்து, ஜாடியில் வந்து சேர்வதை அளக்கட்டும். 1 லிட்டர் முழுதாக வராது. சிதறியது, ஒட்டியது எல்லாம் போக ஏறத்தாழ 800 மி.லி. வரலாம். குழுவுக்குக் குழு மாறினால் திருத்த வேண்டாம், ஏன் மாறியது என்று கேட்டால் போதும். 0.8 என்ற எண்ணை நாம் கரும்பலகையில் எழுதிக் கொடுப்பதைவிட, அவர்கள் கையால் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

அப்புறம் வடிகட்டி. அடி வெட்டிய பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, வாயில் துணி கட்டி, கீழே கூழாங்கல், நடுவில் கரி, மேலே மணல். மணலையும் கரியையும் முன்கூட்டியே நன்றாகக் கழுவாவிட்டால் தண்ணீர் கறுப்பாக வரும். வடிந்த நீர் தெளிவாக இருந்தாலும் குடிக்கக் கூடாது. முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் வரும் என்பதால் அதை வெளியே விட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடவும்.

கணக்கு (30 நிமிடம்)
1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். நம் வகுப்பறைக் கூரை மேலிருந்து பார்க்க 12 மீ. × 6 மீ. = 72 ச.மீ. ஒரு நாள் மழை 25 மி.மீ. என்றால்:
72 × 25 = 1800 லிட்டர்
1800 × 0.8 = 1440 லிட்டர்
15 லிட்டர் குடத்தில் 96 குடம்.
சரிவை அளக்க வேண்டாம், தரையில் விழும் பரப்பே போதும்.

வீட்டு வேலை (ஒரு வாரம்)
நேர்ச்சுவர் உள்ள டப்பாவை முற்றத்தில் திறந்த இடத்தில் வைத்து, தினம் காலையில் ஸ்கேலால் மி.மீ. அளந்து எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வீட்டின் நீள அகலத்தைத் தரையிலேயே அளந்து, வாரத்துக்கு எத்தனை குடம் என்று கணக்கிடவும். மழை இல்லாவிட்டால் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். கூரை மேல் ஏறவோ கிணற்றில் எட்டிப் பார்க்கவோ கூடாது. பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு கேள்வி: "நீங்கள் சின்ன வயதில் இருந்தபோது நம் கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம் கீழே இருந்தது?" பதிலை அவர்கள் சொன்னபடியே நோட்டில் எழுதி வரவும்.